கடை மாறவில்லை, வாசல்தான் மாறியது



கைப்பணிப் பொருட்கள் செய்து விற்கும் பெண்கள் குழுக்கள் பலவற்றுக்கு இப்போது சொந்தமாக ஓர் இணையத்தளம் இருக்கிறது. ஒரு தொண்டு நிறுவனமோ, குழுவில் உள்ள ஒருவருடைய படித்த பிள்ளையோ செய்து கொடுத்ததாக அது இருக்கும். நாலைந்து வருடங்களில் அது பழசாகி, புதிதாகச் செய்யவேண்டி வருகிறது. செய்வதற்குக் காசும் ஆளும் எப்படியோ கிடைத்துவிடும். ஆனால் “தளம் புதிதாகிவிட்டது” என்று பழைய வாடிக்கையாளர்களுக்கு எப்படி அறிவிப்பது என்பதைப் பற்றி எவரும் யோசிப்பதில்லை. இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ஹட்டன் நகரில் பெண்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு கடைக்கு இந்த வேலையில் நான் துணை நின்றேன். கடையில் இருப்பவை தோட்டத்துத் தேயிலைப் பொதிகளும், கையால் தைத்த துணிப்பைகளும், மேசை விரிப்புகளும்தான். பைகள் தைப்பவர்களில் இருவர், 1983 வன்செயலில் மலையகத்தை விட்டு வவுனியாப் பக்கம் போன குடும்பங்களின் பிள்ளைகள். போர் 2009இல் முடிந்த பிறகு உறவினரைத் தேடி இங்கே திரும்பி வந்தவர்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. பைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஓடர் வராத வாரத்தில் கையில் காசும் வராது.

இந்தக் கடைக்கு மூன்று வகை வாடிக்கையாளர்கள். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள், ஹட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் கடைக்குள் வருவார்கள். கொழும்பில் இருக்கும் குடும்பங்கள் தபாலிலும் கூரியரிலும் தேயிலை எடுப்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்பச் சொல்லி இணையத்தளத்தில் ஓடர் கொடுப்பார்கள். முதல் வகையினர் கடையைக் கண்ணால் பார்க்கிறார்கள். மற்ற இரண்டு வகையினருக்கு இணையத்தளம்தான் கடை.

புதிய தளத்தில் மூன்று விடயங்கள் மாறின. இலவச முகவரியில் இருந்த தளம், .lk என்று முடியும் சொந்த முகவரிக்கு வந்தது. பழைய பதிவுகள் புதிய தளத்துக்கு வராததால் ஒவ்வொருவரும் புதிதாகக் கடவுச்சொல் வைக்கவேண்டி இருந்தது. வங்கியில் காசு போட்டுப் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பும் முறையோடு, அட்டையால் பணம் கட்டும் வழியும் சேர்ந்தது.

இனி இதை ஒரு வாடிக்கையாளரின் இடத்தில் இருந்து பாருங்கள். “எங்கள் முகவரி மாறிவிட்டது. இந்த இணைப்பை அழுத்திப் புதிதாகப் பதியுங்கள். பணத்தை இங்கே கட்டுங்கள்” என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது. மோசடிக்காரர்கள் அனுப்பும் கடிதமும் எழுத்துக்கு எழுத்து இப்படித்தான் இருக்கும். இப்படியானவற்றை நம்பவேண்டாம் என்றுதான் வங்கிகளும் நமக்குச் சொல்கின்றன. ஆகவே கவனமான வாடிக்கையாளர் அதை அழித்துவிடுவார். அழிக்காமல் அழுத்துகிறவரோ, நாளைக்கு நம் பெயரில் வேறொருவன் அனுப்பும் பொய்க் கடிதத்தையும் அழுத்துவார். எனவே, “இது நாங்கள்தான்” என்று வாடிக்கையாளர் தாமே சோதித்து அறிய ஒரு வழியை அறிவித்தலுக்குள்ளேயே கொடுக்க வேண்டும். அழகான சொற்களும் படங்களும் அதற்குப் பிறகுதான்.

முதல் வேலை ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுவது. ஒரு பக்கம் மாறியவை, மறுபக்கம் மாறாதவை. மாறியவற்றில் வாடிக்கையாளரின் கையைத் தொடுகின்றவற்றை மட்டும் எழுதுங்கள். தளத்தின் நிறம், எழுத்து, படம் எல்லாம் நமக்குப் பெருமையாக இருக்கலாம். வாங்குகிறவருக்கு முகவரி, கடவுச்சொல், பணம் கட்டும் முறை, அனுப்பும் செலவு ஆகியவைதான் தேவை. மாறாதவற்றில் நாங்கள் எழுதியவை கடை இருக்கும் இடம், தேயிலையின் விலை, வங்கிக் கணக்கு, தொலைபேசி இலக்கம். இந்தக் கடைசி ஒன்று மிகவும் முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கடவுச்சொல் விடயத்தைச் சின்ன விடயம் என்று நினைக்காதீர்கள். பிரித்தானியாவின் பெரிய கடைகளில் ஒன்றான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், அதுவரை அமேசான் நிறுவனத்தின் ஏற்பாட்டில் இயங்கிவந்த தன் இணையத்தளத்தை 2014 பெப்ரவரியில் சொந்தத் தளமாக மாற்றியது. பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த வருடம் ஜூன் மாதத்தோடு முடிந்த பதின்மூன்று வாரங்களில் அதன் இணைய விற்பனை முந்தைய வருடத்தைவிட 8.1 வீதம் குறைந்தது. கோடிக் கணக்கில் செலவழித்த நிறுவனத்துக்கே இப்படி என்றால், பழைய கடவுச்சொல்லை இரண்டு தரம் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும் வாடிக்கையாளரை நாம் தேடிப் பிடிக்க முடியாது. எனவே “பழைய கடவுச்சொல் இனி வேலை செய்யாது” என்பதை முதல் மூன்று வரிகளுக்குள் சொல்லிவிட வேண்டும். கடிதத்தின் அடியில் போட்டால் அதை யாரும் வாசிக்க மாட்டார்கள்.

அடுத்தது, எதை முதலில் அறிவிப்பது என்ற ஒழுங்கு. பலர் முகநூலில் முதலில் போட்டுவிடுகிறார்கள். நாங்கள் கடைச் சுவரில் தொடங்கினோம். கடையில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் நிற்கிறார். தளத்தில் ஏதும் பிழை இருந்தால் அது நாலு பேருக்கு மட்டும் தெரியும், நானூறு பேருக்குத் தெரியாது. ஒரு வாரம் கடையில் அறிவித்தல் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் இரண்டு விடயங்கள் தெரியவந்தன. சில கைத்தொலைபேசிகளில் தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தது. வெளிநாட்டு முகவரி போட்டால் கூரியர் செலவு பூச்சியம் என்று காட்டியது. இரண்டையும் திருத்திய பிறகுதான் மின்னஞ்சல் அனுப்பினோம். அதற்கு இரண்டு நாட்கள் கழித்து முகநூலில் போட்டோம்.

கடை அறிவித்தலை ஏ4 தாளில் பெரிய எழுத்தில், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதினோம். வாசகம் இவ்வளவுதான்: “எங்கள் இணையத்தளம் புதிதாகியுள்ளது. புதிய முகவரி இது. தொலைபேசி இலக்கமும் வங்கிக் கணக்கும் மாறவில்லை. சந்தேகம் இருந்தால் காசாளரிடம் கேளுங்கள்.” அதன் கீழே கைத்தொலைபேசிக் கமராவால் படிக்கும் கியூஆர் சதுரம். சதுரத்துக்குப் பக்கத்தில் முகவரியை எழுத்திலும் போட வேண்டும். எல்லோரிடமும் அந்த வகைத் தொலைபேசி இருக்காது. ஹட்டன் போன்ற இடத்தில் மழையும் பனிமூட்டமும் உள்ள நாளில் கடைக்குள் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. முகவரி எழுத்தில் இருந்தால் எழுதிக்கொண்டு போய் வீட்டில் பார்க்கலாம்.

சதுரத்தின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. எவ்வளவு தூரத்தில் நின்று படம் பிடிப்பார்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். காசு கட்டும் மேசைக்கு முன்னால் ஒரு மீற்றர் தூரத்தில் நிற்பவருக்குப் பத்துச் சென்ரிமீற்றர் சதுரம் போதும். அச்சடித்த தாளையே இரண்டு மூன்று வேறு வேறு தொலைபேசிகளால் சோதியுங்கள். கணனித் திரையில் வேலை செய்வது தாளில் வேலை செய்யாமல் போகலாம். தாளைப் பளபளப்பான பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டால் விளக்கின் ஒளி பட்டுப் படிக்க முடியாமல் போகும். இலவசமாகச் சதுரம் செய்து தரும் சில சேவைகள், முதலில் தங்கள் முகவரிக்குக் கொண்டுபோய்ப் பிறகுதான் நம் தளத்துக்கு அனுப்பும். சில மாதம் போனதும் காசு கேட்டு அதை நிறுத்திவிடுவார்கள். நம் முகவரியே நேராகப் பதிந்த சதுரமா என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, நம் சதுரத்தின் மேல் வேறொன்றை யாரும் ஒட்டிவிடக்கூடும். ஆகவே தினமும் கடை திறக்கும்போது விரலால் தடவிப் பார்க்கச் சொன்னோம்.

மின்னஞ்சலில் கவனிக்க வேண்டியவை அதிகம். கடையின் புத்தகத்திலிருந்தும் பழைய ஓடர்களிலிருந்தும் சேர்த்த முகவரிகள் ஏறத்தாழ முந்நூறு இருந்தன. எல்லாவற்றையும் To என்ற இடத்தில் போட்டு அனுப்பினால் ஒருவருடைய முகவரி மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். நம்மிடம் சாமான் வாங்கியவர்களின் பெயரை ஊருக்குக் காட்ட நமக்கு உரிமை இல்லை. Bcc என்ற இடத்தில் போட்டால் அவை மறைந்திருக்கும். அதைவிட, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் அஞ்சல் சேவையைப் பாவிப்பது நல்லது. சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. அந்த எல்லைக்குள் இருந்தாலும், தினமும் நாலு கடிதம் போகும் கணக்கிலிருந்து திடீரென்று முந்நூறு போனால் அது சந்தேகத்துக்கு இடமாகும். அதனால் ஒரு நாளைக்கு ஐம்பது என்று பிரித்து, அண்மையில் வாங்கியவர்களுக்கு முதலில் அனுப்பினோம்.

அனுப்பும் முகவரியை அந்த வாரத்தில் மாற்றக்கூடாது. தளமும் புதிது, அனுப்புபவரும் புதிது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே பழைய மின்னஞ்சலிலிருந்தே அறிவித்தல் போனது. பிற்பாடு .lk முகவரியிலிருந்து அனுப்பத் தொடங்கும்போது, தளம் செய்தவரிடம் SPF, DKIM என்ற இரண்டு பதிவுகளும் போடப்பட்டனவா என்று கேளுங்கள். இந்தக் கடிதம் உண்மையில் இந்த முகவரிக்காரர் அனுப்பியதுதான் என்று அவை சாட்சி சொல்லும். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லோரிடமும் இவற்றில் ஒன்றாவது வேண்டும் என்று கேட்கிறது. இல்லாவிட்டால் கடிதம் குப்பைப் பெட்டிக்குப் போகும், அல்லது திரும்பிவிடும். உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்றை அனுப்பி, அதைக் கணனியில் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி Show original என்பதைப் பாருங்கள். அங்கே PASS என்று இருந்தால் சரி.

நாங்கள் அனுப்பிய கடிதத்தை அப்படியே தருகிறேன். தலைப்பு: “எங்கள் இணையத்தள முகவரி மாறியுள்ளது – பழைய கடவுச்சொல் இனி இயங்காது.” உள்ளே: “அன்புடையீர், கடந்த கார்த்திகையில் எங்களிடம் தேயிலை வாங்கினீர்கள், நன்றி. எங்கள் தளம் இந்த வாரம் புதிய முகவரிக்கு மாறியுள்ளது. அடுத்த தடவை வாங்கும்போது புதிய கடவுச்சொல் ஒன்றை வைக்க வேண்டும். இப்போது எதுவும் செய்யத் தேவையில்லை. எங்கள் வங்கிக் கணக்கும் தொலைபேசி இலக்கமும் மாறவில்லை. கடவுச்சொல்லையோ அட்டை இலக்கத்தையோ நாங்கள் மின்னஞ்சலிலோ தொலைபேசியிலோ ஒருபோதும் கேட்கமாட்டோம். இந்தக் கடிதம் எங்களுடையதுதானா என்று ஐயம் இருந்தால், உங்கள் தேயிலைப் பொதியில் அச்சடித்துள்ள இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். இவ்வகைக் கடிதம் வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்று பதில் அனுப்புங்கள்.”

இதில் தொலைபேசி இலக்கத்தை நாங்கள் எழுதவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மோசடிக்காரனும் ஓர் இலக்கம் எழுதுவான், அதற்கு அழைத்தால் அவனேதான் எடுப்பான். ஆனால் வீட்டு அலுமாரியில் இருக்கும் தேயிலைப் பொதியின் மேல் அவன் எதையும் அச்சடிக்க முடியாது. பழைய இலக்கத்தை மாற்றாமல் வைத்திருந்ததன் பயன் இதுதான். அந்த வாரம் ஏழெட்டுப் பேர் அழைத்தார்கள். வத்தளையிலிருந்து ஓர் அம்மா, “ஏம்மா, இது நீங்க அனுப்பினதுதானா? மகன் தொடாதேன்னு சொல்றான்” என்று கேட்டார். காசாளராக இருக்கும் தங்கை, “ஆமாங்கம்மா, நாங்கதான். முகவரிய நான் சொல்றேன், நீங்களே அடிச்சுப் பாருங்க” என்றார். அந்த அம்மா அப்போதே இரண்டு பொதிக்கு ஓடர் கொடுத்தார். தொலைபேசி எடுப்பவருக்கு இந்தப் பதிலை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். “எனக்குத் தெரியாதுங்க” என்று அவர் சொல்லிவிட்டால் எல்லா அறிவித்தலும் வீண்.

பழைய முகவரிகளில் சில திரும்பி வரும். திரும்பியவற்றை உடனே பட்டியலிலிருந்து நீக்குங்கள். இல்லாத முகவரிகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் உங்கள் மற்றக் கடிதங்களும் குப்பைக்குப் போகத் தொடங்கும். ‘வேண்டாம்’ என்று எழுதியவருக்கு மறுபடி அனுப்பக் கூடாது. இலங்கையில் 2022இல் நிறைவேறிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், விளம்பரச் செய்திகளுக்குப் பெறுபவரின் சம்மதம் வேண்டும் என்றே சொல்கிறது.

முகநூலில் ஒரு சிறு தொல்லை உண்டு. தளத்தின் முகவரியைப் பதிவில் ஒட்டியதும் ஒரு படமும் தலைப்பும் தானாக வரும். முன்பு, தளம் முடியாத நேரத்தில் யாராவது அந்த முகவரியைப் பகிர்ந்திருந்தால், அப்போதைய வெறும் பக்கமே மறுபடி வரும். முகநூல் அதை நினைவில் வைத்திருப்பதுதான் காரணம். தளம் செய்தவரிடம் Sharing Debugger என்ற பக்கத்தில் முகவரியைப் போட்டு Scrape Again என்பதை அழுத்தச் சொல்லுங்கள். பிறகு புதிய படம் வரும். இன்ஸ்டகிராமில் படத்தின் கீழே எழுதும் முகவரி அழுத்தினால் திறக்காது. அதைச் சுயவிபரப் பகுதியில்தான் போட வேண்டும். வட்ஸ்அப்பில் ஒலிபரப்புப் பட்டியல் மூலம் ஒரே நேரத்தில் 256 பேருக்கு அனுப்பலாம். ஆனால் உங்கள் இலக்கத்தைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். “எல்லோருக்கும் அனுப்பினோம், ஒருவரும் பதில் தரவில்லை” என்பதற்குப் பல தடவை இதுதான் காரணம்.

பதிவில் போட ஒரு படம் வேண்டும் என்றபோது கடையில் ஒரு வாக்குவாதம் வந்தது. பைகள் தைக்கும் இருவரின் முகத்தையும், அவர்கள் போரில் இழந்தவற்றையும் எழுதிப் போட்டால் பார்ப்பவர்கள் கூடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். தைப்பவர்களில் ஒருவர், “பையைக் காட்டுங்க. என் மூஞ்சியக் காட்ட வேணாம்” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. சகோதரிகளே, இது உங்களுக்கும் நேரலாம். கடைச் சுவரில் ஒட்டிய படத்தைக் கிழித்துவிடலாம். முகநூலில் போட்ட படத்தை நீங்கள் அழித்தாலும், அதைப் பகிர்ந்தவர், சேமித்தவர் கையில் இருந்துகொண்டே இருக்கும். கொழும்பில் ஒருவர் பார்க்கும் படத்தை, நீங்கள் பார்க்கக்கூடாது என்று நினைக்கும் ஆளும் பார்ப்பார். படத்துக்குச் சம்மதம் கேட்கும்போது “தளத்தில் போடலாமா” என்று மட்டும் கேட்டால் போதாது. சுவருக்கா, மின்னஞ்சலுக்கா, முகநூலுக்கா, பெயரோடா பெயர் இல்லாமலா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். “வேண்டாம்” என்றவருக்கு வேலை குறையக் கூடாது. நாங்கள் கடைசியில் போட்டது தையல் இயந்திரத்தின் மேல் கிடந்த ஒரு நீலப் பையும், அதைப் பிடித்த இரண்டு கைகளும்தான்.

அறிவித்த பிறகு எது பலன் தந்தது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஓடர் படிவத்தில் “எப்படி அறிந்தீர்கள்? கடையில், மின்னஞ்சலில், முகநூலில், வேறு” என்று ஒரு வரி சேருங்கள். எங்கள் கடைக்கு முகநூலில் விருப்பக் குறிகள் நிறைய வந்தன. ஆனால் முதல் மாதம் ஓடர் கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் மின்னஞ்சலைத்தான் குறிப்பிட்டிருந்தார்கள். ஏற்கெனவே தேயிலையைக் குடித்துப் பார்த்தவர்கள் அவர்கள்தானே. ஓடர் கொடுக்காத, கடிதம் திரும்பியும் வராத பழைய வாடிக்கையாளர்களுக்கு மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டல் அனுப்பினோம். அதற்கு மேல் அனுப்பினால் எரிச்சல்தான் வரும்.

கடைசியாகப் பழைய முகவரி. புதியது வந்துவிட்டதே என்று அதை விட்டுவிடாதீர்கள். வீடுகளில் இருக்கும் பொதிகளில் அதுதான் அச்சடித்திருக்கிறது. சொந்த முகவரியாக இருந்து, வருடக் கட்டணம் கட்டாமல் விட்டால் வேறொருவர் அதை வாங்கி உங்கள் பெயரிலேயே கடை விரிக்கலாம். குறைந்தது இரண்டு வருடமாவது அதை வைத்திருந்து, அங்கே வருபவர் தானாகவே புதிய தளத்துக்குப் போகும்படி செய்யச் சொல்லுங்கள். எங்களுடையது இலவச முகவரி என்பதால் தானாக அனுப்ப வழி இருக்கவில்லை. ஆகவே அந்தப் பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, புதிய முகவரியையும் “பொதியில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து உறுதி செய்யுங்கள்” என்ற வரியையும் மட்டும் வைத்தோம். சென்ற வாரம்கூட அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் கண்டியிலிருந்து அழைத்தாராம். மூன்று தேயிலைப் பொதியும் ஒரு நீலப் பையும் கேட்டிருக்கிறார்.